பத்தா, ஏழரையா? அதைக் குழாய்தான் சொல்லும்

கேள்வி: சார், கொட்டாம்பட்டிப் பக்கம் தேங்காய் நார் ஆலை வச்சிருக்கேன். கோகோபீட் கழுவ மணிக்கு 36 ஆயிரம் லிட்டர் தண்ணி வேணும். தினம் 6 மணி நேரம், வருசத்துல 300 நாள் ஓடும். கிணத்துல சித்திரை மாசம் 46 அடிக்குத் தண்ணி இறங்கிரும். தொட்டி தரையிலேருந்து 30 அடி உசரம். கிணத்துக்கும் தொட்டிக்கும் 350 மீட்டர், தரை ஒரே மட்டம்தான், கொத்தனார் டியூப் வச்சுப் பார்த்துட்டார். கடைக்காரர் 10 எச்.பி. இல்லாம ஆகாதுங்கிறார், மச்சான் ஏழரை போதும்ங்கிறார். பில்லுல யூனிட்டுக்கு 8 ரூபாய் விழுது. எதைப் போடட்டும், வருசத்துக்குக் கரண்டு பில் எவ்வளவு வரும்?

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது. எல்லாம் விவரமாக எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள், குழாய் மூணு இன்ச்சா நாலு இன்ச்சா என்று. மூணு இன்ச் என்றால் கடைக்காரர் ஜெயித்தார், நாலு இன்ச் என்றால் உங்கள் மச்சான் ஜெயித்தார். மோட்டார் வாங்கப் போகிற யாரும் குழாயைப் பற்றி யோசிப்பதில்லை, அது ஏதோ பிளம்பர் பார்த்துக்கொள்ளும் சமாசாரம் என்று விட்டுவிடுகிறார்கள், அப்புறம் பத்து வருசத்துக்கு அந்தக் குழாய்க்கு மாசாமாசம் வட்டி கட்டுகிற மாதிரி கரண்டு பில் கட்டுகிறார்கள்.

முதலில் ஹெட். தண்ணீரை எத்தனை அடி ஏற்றுகிறோம் என்பதுதான் ஹெட் என்று பலரும் நினைக்கிறார்கள், அது பாதிதான், மீதி குழாய்க்குள் உரசலில் போவது. உங்கள் கிணற்றில் 46 அடி, மீட்டரில் 14. தொட்டி 30 அடி, அதாவது 9 மீட்டர். இது ரெண்டும் சேர்ந்து 23 மீட்டர், இதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் ரெண்டு விசயத்தைச் சரிபாருங்கள். அந்த 46 அடி மோட்டார் நிற்கும்போது கயிறு விட்டுப் பார்த்ததா, இல்லை ரெண்டு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்ததா? பம்பு தண்ணீர் இழுக்க இழுக்கக் கிணற்று மட்டம் இறங்கும், ஊற்று குறைவான கிணற்றில் பத்து பதினைந்து அடி கூட இறங்கும். கணக்குக்கு வேண்டியது ஓடும்போது இருக்கும் மட்டம்தான். நீங்கள் எழுதியது அதுதான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இன்னொன்று, தொட்டி 30 அடி என்றால் தொட்டியின் அடிப்பாகமா, தண்ணீர் விழும் குழாயின் வாயா? வாய்தான் கணக்கு. தொட்டி காலியாக இருந்தாலும் தண்ணீர் அந்த வாய் வரை ஏறித்தானே உள்ளே விழ வேண்டும்.

இப்போது குழாய்க்கு வருவோம். நீங்கள் கேட்கும் தண்ணீர் நொடிக்கு 10 லிட்டர். அது மூணு இன்ச் குழாயில், அதாவது 90 மி.மீ. பி.வி.சி.யில் போனால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 4 மீட்டர் ஹெட் குழாய்ச் சுவரில் உரசியே போய்விடும். உங்கள் 350 மீட்டருக்கு 14 மீட்டர். கிணற்றுக்குள் இறங்கும் துண்டு, வளைவுகள், வால்வுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 2 மீட்டர் வையுங்கள். நாலு இன்ச் குழாயில், அதாவது 110 மி.மீ.யில், அதே தண்ணீர் 100 மீட்டருக்குச் சுமார் ஒன்றரை மீட்டர்தான் தின்கிறது. 350 மீட்டருக்கு 5 மீட்டரும் கொஞ்சமும், வளைவு வால்வுக்கு முக்கால் மீட்டர், மொத்தம் 6.

கொஞ்சம் நிறுத்தி இதைப் பாருங்கள். மூணு இன்ச்சிலிருந்து நாலு இன்ச்சுக்குப் போனால் குழாயின் உள்விட்டம் கால் பங்கு கூடக் கூடவில்லை, சுமார் 83 மி.மீ.யிலிருந்து 102 மி.மீ. ஆகிறது, அவ்வளவுதான். உரசலோ மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. ஏனென்றால் ஒரே அளவு தண்ணீருக்கு உரசல் இழப்பு விட்டத்தின் கிட்டத்தட்ட ஐந்தாம் படியில் மாறுகிறது. யாராவது மிச்சம் பிடிக்கிறேன் என்று ரெண்டரை இன்ச் போட்டால் 100 மீட்டருக்குப் பத்து மீட்டர் போய்விடும், 350 மீட்டருக்கு 34 மீட்டர், கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றுவதை விடக் குழாய்க்குள் தள்ளுவதுதான் பெரிய வேலை என்றாகிவிடும்.

ஆக மொத்த ஹெட், மூணு இன்ச் குழாய்க்கு 23 உம் 16 உம் சேர்ந்து 39 மீட்டர். நாலு இன்ச்சுக்கு 23 உம் 6 உம் சேர்ந்து 29 மீட்டர்.

சரி, இப்போது கிலோவாட். இதற்கு ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்தால் போதும், 367. மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் என்பதை ஹெட்டால் பெருக்கி 367-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய கிலோவாட் வரும். ஆயிரம் லிட்டர் ஒரு கன மீட்டர், ஆகவே உங்களுக்கு 36. இந்த 367 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ, அதை ஒரு மீட்டர் தூக்க 9,810 ஜூல் வேண்டும், ஒரு யூனிட் கரண்டு 36 லட்சம் ஜூல், வகுத்துப் பாருங்கள். இந்த எண் லிட்டரில், அடியில் எல்லாம் வேலை செய்யாது. நிமிசத்துக்கு 600 லிட்டர் என்று பம்பு அட்டவணையில் போட்டிருப்பதை அப்படியே போட்டுப் பெருக்கிவிட்டு "சார், 60 கிலோவாட் வருது" என்று போன் பண்ணியவர்கள் உண்டு.

மூணு இன்ச்சுக்கு 36 × 39 ÷ 367, வருவது 3.83 கிலோவாட். நாலு இன்ச்சுக்கு 36 × 29 ÷ 367, வருவது 2.84.

இது தண்ணீருக்குள் போகும் சக்தி மட்டும். பம்பும் மோட்டாரும் இடையில் உட்கார்ந்துகொண்டு தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதுதான் செயல்திறன். உங்கள் அளவில் ஒரு நல்ல கிணற்று நீர்மூழ்கி மோட்டாரில் பம்பு பாகத்தின் செயல்திறன் 62 சதவீதம், மோட்டார் பாகத்தினுடையது 80 சதவீதம் என்று வைக்கலாம். ரெண்டையும் பெருக்கினால் 49.6, ஐம்பது என்றே வைத்துக்கொள்வோம். இதுதான் மொத்தச் செயல்திறன், கடைக்காரர் ஓவரால் எஃபிஷியன்சி என்பார். மீட்டரில் ஓடுகிற நூறு பைசாவில் ஐம்பது பைசாதான் தண்ணீரைத் தள்ளுகிறது, மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் கிணற்றுக்குள்ளேயே கரைகிறது. உங்கள் கணக்குக்கு என் 62-ஐயும் 80-ஐயும் எடுக்காதீர்கள், வாங்கப் போகும் மாடலின் அட்டவணையில் என்ன இருக்கிறதோ அதை எடுங்கள். இந்த வகை பம்புக்கு ஐ.எஸ். 14220 என்று தனித் தரநிலை இருக்கிறது, அந்த எண் ரேட்டிங் பிளேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், கூடவே ஹெட், டிஸ்சார்ஜ், மொத்தச் செயல்திறன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நானே சறுக்கிய இடம் வருகிறது, அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குக் கணக்குப் போட்டேன். தண்ணீர்க் கிலோவாட்டை மொத்தச் செயல்திறனால் வகுத்தேன், வந்ததோடு பதினைந்து சதவீதம் பாதுகாப்புக்குச் சேர்த்தேன், அதைத் தாண்டிய அளவில் மோட்டார் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டரை எச்.பி. வந்தது. பண்ணைக்காரர் வாங்கி மாட்டிவிட்டார், ஓடியது, தண்ணீரும் கொட்டியது, எல்லோரும் டீ குடித்தோம். ஆறு மாதம் கழித்து என் பெரியவர், நான் வேலை பழகிய ஃபிட்டர், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "ஏண்டா, மோட்டாரோட நட்டத்தை மோட்டார் மேலயே ரெண்டு வாட்டி ஏத்தியிருக்கியே" என்றார். பத்தே போதுமாக இருந்திருக்கிறது.

விசயம் இதுதான். மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் 5.5 கிலோவாட், 7.5 கிலோவாட் என்பது அது தண்டில், அதாவது ஷாஃப்டில், கொடுக்கும் சக்தி. கரண்டு கம்பியிலிருந்து இழுக்கும் சக்தி அல்ல. மோட்டாருக்குள் போகும் நட்டம் அந்த எண்ணுக்கு வெளியே ஏற்கனவே இருக்கிறது. ஆகவே எந்த மோட்டார் வாங்க என்ற கேள்விக்கு, தண்ணீர்க் கிலோவாட்டைப் பம்பு செயல்திறனால் மட்டும் வகுக்க வேண்டும். பில் எவ்வளவு வரும் என்ற கேள்விக்குத்தான் மொத்தச் செயல்திறன். ஒரே தண்ணீர், ரெண்டு கேள்வி, ரெண்டு வகுத்தல்.

முதல் கேள்விக்கு உங்கள் எண்களைப் போடுவோம். மூணு இன்ச்சில் 3.83-ஐ 0.62-ஆல் வகுத்தால் தண்டில் 6.2 கிலோவாட். வோல்டேஜ் ஏற்ற இறக்கம், மட்டம் எதிர்பார்த்ததை விட இறங்குவது, இதற்கெல்லாம் பதினைந்து சதவீதம் கூட்டினால் 7.1. ஏழரை எச்.பி. என்பது 5.5 கிலோவாட், போதாது. பத்து எச்.பி. என்பது 7.5 கிலோவாட், அதுதான் வேண்டும். கடைக்காரர் சொன்னது.

நாலு இன்ச்சில் 2.84 ÷ 0.62, தண்டில் 4.6 கிலோவாட். பதினைந்து சதவீதம் கூட்டினால் 5.3. 5.5-க்குள் அடங்கிவிட்டது, ஏழரை எச்.பி. போதும். மச்சான் சொன்னது. ஏழரை என்றாலே நம்மூரில் சனி ஞாபகம்தான் வரும், ஆனால் இந்த இடத்தில் ஏழரை உங்களுக்கு மிச்சம் பிடிக்கிறது.

இப்போது ரெண்டாவது கேள்வி, பில். மூணு இன்ச்சில் 3.83 ÷ 0.50, மீட்டர் வழியாக இழுக்கப்படுவது சுமார் 7.65 கிலோவாட். தினம் 6 மணி நேரம், 300 நாள், மொத்தம் 1,800 மணி நேரம். 7.65-ஐ 1,800-ஆல் பெருக்கினால் 13,770 யூனிட், 8 ரூபாய்க்கு 1,10,160 ரூபாய். நாலு இன்ச்சில் 5.7 கிலோவாட், 10,260 யூனிட், 82,080 ரூபாய். வித்தியாசம் வருசத்துக்கு 28,000 ரூபாய் சொச்சம். குழாய்க்கடையில் ரெண்டு அளவுக்கும் மீட்டர் விலை கேளுங்கள். ஒரு பேச்சுக்கு மீட்டருக்கு நூறு ரூபாய் கூடுதல் என்றாலும் 350 மீட்டருக்கு 35,000, ஒண்ணேகால் வருசத்தில் திரும்ப வந்துவிடும், அதற்கப்புறம் வருகிற மிச்சம் எல்லாம் உங்களுக்கு. மூணு இன்ச் குழாயை ஏற்கனவே மண்ணுக்குள் புதைத்துவிட்டீர்கள் என்றால்கூட, தோண்டி எடுக்காமல் பக்கத்திலேயே இன்னொரு மூணு இன்ச் லைன் ஓட்டி ரெண்டையும் இரு முனையிலும் சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர் போகும், உரசல் கால் பங்குக்கும் சற்று மேலே, அவ்வளவுதான் நிற்கும்.

இந்தத் தொகை யூனிட் கட்டணம் மட்டும்தான். கிலோவாட் கணக்கில் வரும் நிலைக்கட்டணமும் மின்வரியும் தனி, பில்லில் கீழே இருக்கும், அதையும் பாருங்கள். பெரிய மோட்டார் போட்டால் இணைப்பு லோடும் கூடுகிறது, அந்த நிலைக்கட்டணம் மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். இதைப் படிக்கிற யாராவது, கிணற்றில் விவசாய சர்வீஸ் இருக்கிறதே, இலவச மின்சாரத்தில் எடுத்து ஆலைக்கு விட்டால் செலவே இல்லையே என்று கேட்பார்கள். அது விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பு, ஆலைக்கு எடுத்தால் மீறல், பிடித்தால் அபராதம் நான் மேலே போட்ட கணக்கை எல்லாம் விழுங்கிவிடும். அந்த வழி வேண்டாம்.

ஒரு நேர்மையான திருத்தம் சொல்ல வேண்டும். மேலே போட்டது சித்திரை மாத ஆழத்துக்கு. மோட்டார் தேர்வுக்கு அப்படித்தான் மோசமான மாதத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அதிகம் தேவைப்படும் கோடையில் பம்பு திணறும். ஆனால் பில் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்ந்தது, ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் உங்கள் கிணறு எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். வருசச் சராசரி 30 அடி, அதாவது 9 மீட்டர் என்று வைத்தால் நாலு இன்ச் குழாயில் மொத்த ஹெட் 24 ஆகிறது. நீங்கள் வருசத்துக்கு எடுக்கும் தண்ணீர் 64,800 கன மீட்டர், அதை 24-ஆல் பெருக்கி, 367-ஆலும் 0.50-ஆலும் வகுத்தால் 8,475 யூனிட், 67,800 ரூபாய். மட்டம் ஏறும்போது பம்பு கூடுதலாகத் தண்ணீர் தள்ளும், அதில் உரசலும் செயல்திறனும் கொஞ்சம் மாறும், ஆகவே ரூபாய் சுத்தமாக இதேதான் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 68 ஆயிரத்துக்கும் 82 ஆயிரத்துக்கும் நடுவில் வரும் என்று எடுத்துக்கொண்டு பணத்தை ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை கிணற்றில் கயிறு விட்டு மட்டத்தைச் சுவரில் எழுதிவைத்தால் அடுத்த வருசம் இன்னும் சரியாகச் சொல்லலாம்.

கடைக்காரர் ஒன்று சொல்வார், "எதுக்கும் பெருசாவே போட்ருவோம், பத்தாம போயிரக் கூடாதுல்ல" என்று. நாலு இன்ச் குழாய் போட்டுவிட்டு 39 மீட்டர் ஹெட்டுக்கான அவருடைய பத்து எச்.பி. பம்பையும் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? எதிரே 29 மீட்டர் எதிர்ப்புதான் இருக்கிறது, பம்பு மிச்ச பலத்தையெல்லாம் கூடுதல் தண்ணீராகத் தள்ளப் பார்க்கும், இந்த வகைப் பம்பில் தண்ணீர் கூடக் கூட மோட்டார் இழுக்கும் கரண்டும் கூடும், ஓவர்லோடு ரிலே விழும். ஆளைக் கூப்பிட்டால் கேட் வால்வைப் பாதி மூடிவிட்டு "இப்ப சரியா ஓடுது" என்று போய்விடுவார். சரியாக ஓடும்தான், பத்து மீட்டர் ஹெட்டை உருவாக்கிவிட்டு அதை வால்விலேயே கொன்றுகொண்டு ஓடும், மூணு இன்ச் குழாயின் பில்லை நாலு இன்ச் குழாயில் கட்டுவீர்கள். நான் பார்த்த ஆலைகளில் வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறார்கள் என்றாலே பம்பு தேர்வில் தப்பு என்று முதலில் அங்கேதான் கை வைப்பேன். அதனால் கடையில் கேட்கும்போது "ஏழரை எச்.பி. கொடுங்க" என்று கேட்காதீர்கள், "29 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 10 லிட்டர் கொடுக்கிற பம்பு" என்று கேளுங்கள். ஏழரை எச்.பி.யிலேயே 20 மீட்டருக்கு ஒரு மாடலும் 50 மீட்டருக்கு ஒரு மாடலும் இருக்கும், எச்.பி.யை மட்டும் சொன்னால் கையில் எது கிடைக்கிறதோ அது வரும்.

மாட்டிய பிறகு சொன்னபடி ஓடுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டாம், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். ஆலையில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும். உங்கள் மீட்டரில் 800 என்று போட்டிருந்தால், ஒரு நிமிசத்துக்கு எண்ணியதை 60-ஆல் பெருக்கி 800-ஆல் வகுக்க வேண்டும். 76 தடவை மினுக்கினால் 5.7 கிலோவாட், கணக்கோடு ஒத்துப்போகிறது. மின்னோட்ட மின்மாற்றி, அதாவது சி.டி., வைத்த மீட்டராக இருந்தால் அதன் பெருக்கு எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும், அதுவும் மீட்டரிலோ பெட்டியிலோ இருக்கும்.

சிலர் இதற்குப் பதிலாகப் பேனலில் உள்ள ஆம்பியரைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள், பத்து ஆம்பியர், 415 வோல்ட், 1.732, பெருக்கினால் ஏழு சொச்சம், அப்படியென்றால் ஏழு கிலோவாட் என்று. அது கே.வி.ஏ., கிலோவாட் அல்ல. பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் கிலோவாட் வரும், 0.8 என்றால் அதே பத்து ஆம்பியர் 5.7 கிலோவாட்தான். மினுக்கலை எண்ணினால் இந்தக் குழப்பமே கிடையாது.

தண்ணீரை அளக்கத் தொட்டி இருக்கிறது. உள்ளே நீளம் 3 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 20 செ.மீ. ஏறினால் 1.8 கன மீட்டர். வெளியே போகிற வால்வை மூடிவிட்டு ஒரு மூங்கில் குச்சியில் ரெண்டு கோடு போட்டு நிறுத்துங்கள். கீழ்க் கோட்டிலிருந்து மேல்க் கோட்டுக்கு மூன்று நிமிசத்தில் ஏறினால் மணிக்கு 36 கன மீட்டர், நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

இந்த ரெண்டு எண்ணையும் புதிய பம்பில் முதல் வாரமே எடுத்து வைத்துவிடுங்கள், இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கிணற்று ஓரமாகவே கோகோபீட் காயப் போட்டிருப்பீர்கள், தூளும் நாரும் காற்றில் கிணற்றுக்குள் விழும். அது வடிகட்டியிலும் இம்பெல்லரிலும் சுற்றிக்கொள்ளும். ஒரு வருசம் கழித்து மினுக்கல் அதே 76, ஆனால் குச்சியில் தண்ணீர் ஏற மூன்று நிமிசம் அம்பது நொடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 28 கன மீட்டர் ஆகிவிட்டது. தண்ணீர் குறைந்ததால் உரசலும் குறைந்து ஹெட் 27 ஆகியிருக்கும். 28 × 27 ÷ 367 என்றால் 2.06 கிலோவாட், அதை 5.7-ஆல் வகுத்தால் 36 சதவீதம். ஐம்பதாக இருந்த மொத்தச் செயல்திறன் முப்பத்தாறுக்கு வந்துவிட்டது, ஆனால் மோட்டார் சத்தம் மாறியிருக்காது, ரிலே விழுந்திருக்காது, யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, "கழுவ இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகுது" என்று வேலையாட்கள் சொல்வது மட்டும்தான் அறிகுறி. ஆயிரம் லிட்டருக்கு 1 ரூபாய் 27 பைசா கொடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது 1 ரூபாய் 63 பைசா கொடுக்கிறீர்கள்.

அப்படி ஆனால் உடனே பம்பைத் தூக்கிவிடாதீர்கள். முதலில் 350 மீட்டர் லைனை நடந்து பாருங்கள், எங்காவது ஜாயின்ட்டில் ஈரம் கசிந்து புல் பச்சையாக முளைத்திருந்தால் தண்ணீர் அங்கே போகிறது, பம்பின் மேல் குற்றமில்லை. லைன் சரியாக இருந்தால் பம்பை ஏற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அப்புறமும் குச்சி மூன்று நிமிசத்துக்கு வரவில்லை என்றால் இம்பெல்லர் கழுத்தில் இருக்கும் வளையம் தேய்ந்திருக்கும், தள்ளிய தண்ணீரே உள்ளுக்குள் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருக்கும். அந்த வளையம் மாற்றுவதற்கு மொத்தப் பம்பையும் மாற்ற வேண்டியதில்லை, ஒரு நாள் வேலை. ஆலையை எந்த நாளில் நிறுத்த முடியும் என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள், குழாய் விலை மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், மோட்டாருக்கு அட்வான்ஸ் அதுவரை கொடுக்க வேண்டாம்.